முதல் சம்பளச் சீட்டு: 25,000 சொன்னார்கள், 6,230 வந்தது

கடந்த ஆண்டு ஆகஸ்ட் 6, புதன்கிழமை மாலை. என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். குரலே சரியில்லை. "அண்ணா, பிள்ளையை ஏமாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. மாதம் இருபத்தைந்தாயிரம் என்று கடிதம் கொடுத்தார்கள். இன்றைக்கு வங்கியில் விழுந்தது ஆறாயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்."

தங்கை மகள் விழுப்புரத்தில் டிப்ளமா முடித்துவிட்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் ஜூலை 14 அன்று வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டில் முதல் மாதச் சம்பளம் வாங்கும் முதல் பெண். அந்த இருபத்தைந்தாயிரத்தை நம்பி, தங்கை ஊரில் மாதம் பத்தாயிரம் கட்டும் ஏலச்சீட்டு ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டிருந்தாள். அதனால்தான் அந்தப் பதற்றம்.

நான் ஒரு நூற்பாலையின் சம்பளப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். முதல் மாதச் சீட்டோடு கண் கலங்கி ஜன்னல் முன்னால் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஏமாற்று எதுவும் இருக்காது. ஆனால் சில நேரம் இருக்கும். சீட்டைப் படிக்காமல் எது எது என்று சொல்ல முடியாது. ஆகவே வேலை ஒப்பந்தக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

கடிதத்தில் இருந்த மூன்று லட்சம்

முதலில் கடிதத்தைத்தான் எடுத்தேன். குழப்பம் தொடங்குவது அங்கே. "ஆண்டுக்கு ரூ.3,00,000" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்து வீட்டில் எல்லோரும் 25,000 என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தொகைக்கு மேலே சிடிசி என்று எழுதியிருந்தது. ஒரு ஊழியரை வைத்திருக்க நிறுவனத்துக்கு ஓர் ஆண்டில் ஆகும் மொத்தச் செலவு என்பதுதான் அதன் பொருள். சம்பளம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் இணைப்பு இருந்தது. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அதன்படி மாதச் சம்பளம் 20,000, ஆண்டுக்கு 2,40,000. மீதி 60,000 வேறு நான்கு இடங்களில் இருந்தது. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் தன் பங்காகவும் அதன் நிர்வாகச் செலவாகவும் கட்டுவது 23,400. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு நிறுவனம் கட்டுவது 7,800. பணிக்கொடைக்கு ஒதுக்குவது 6,924. ஆண்டு முடிவில் வேலைத் திறனைப் பார்த்துக் கொடுக்கப்படும் ஊக்கத்தொகை 21,876.

இந்த நான்கில் எதுவும் மாதச் சீட்டின் வருவாய்ப் பகுதிக்குள் வராது. நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு அவள் பெயரில்தான் சேர்கிறது, ஆனால் இன்று செலவுக்கு எடுக்க முடியாது. பணிக்கொடை என்றால் பொதுவாக ஐந்தாண்டு பணி முடித்தால்தான் கைக்கு வரும். இரண்டாம் ஆண்டில் வேலையை விட்டால் அந்த 6,924 வெறும் காகிதத்தில் இருந்த எண். ஊக்கத்தொகையோ வந்தால்தான் உண்டு. இதையெல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்று பெரிய எழுத்தில் போடுவது சட்டப்படி தவறில்லை. ஆனாலும் முதல்முறை வேலைக்கு வரும் ஒரு பிள்ளையிடம் மாதச் சம்பளம் எவ்வளவு என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பணியில் இருந்தபோதே நினைத்ததுண்டு.

ஆக, 25,000 என்ற எண் அவளுடைய சம்பளமாக ஒருபோதும் இருந்ததில்லை. பேசப்பட்ட சம்பளம் 20,000. இனி அந்த இருபதாயிரம் எப்படி ஆறாயிரம் ஆனது என்று பார்க்க வேண்டும்.

சீட்டில் இருந்தது

அவள் அனுப்பிய ஜூலை மாதச் சீட்டின் எண்கள் இவை:

மாத நாட்கள் 31, சம்பள நாட்கள் 18
அடிப்படைச் சம்பளம் 6,968
வீட்டு வாடகைப் படி 2,903
சிறப்புப் படி 1,742
மொத்த ஊதியம் 11,613
வருங்கால வைப்பு நிதி 1,045
இஎஸ்ஐ 88
தொழில் வரி 1,250
நிகர ஊதியம் 9,230
உணவகம் 400
பேருந்து 600
முன்பணப் பிடித்தம் 2,000
வங்கியில் செலுத்தியது 6,230

இந்தச் சீட்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சட்டப்படி பிடிக்க வேண்டியதைக் கழித்ததும் ஒரு கோடு போட்டு நிகர ஊதியம் என்று காட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைத் தனியாகக் கழித்திருக்கிறார்கள். எல்லா நிறுவனமும் இப்படிப் பிரிப்பதில்லை. பல சீட்டுகளில் எல்லாப் பிடித்தமும் ஒரே பத்தியில் குவிந்து கிடக்கும். கடைசியில் நிகர ஊதியம் என்று இருப்பதே வங்கியில் விழும் தொகையாகவும் இருக்கும். அங்கே நிகர ஊதியமும் கைக்கு வருவதும் ஒன்றே. அப்படிப்பட்ட சீட்டு கிடைத்தவர்கள் பென்சிலால் தாங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்: மேலே சட்டம் பிடித்தது, கீழே நான் ஒப்புக்கொண்டு பிடிக்கச் சொன்னது. ஏன் இந்தக் கோடு தேவை என்றால், மேலே பிழை இருந்தால் கேட்கும் கேள்வி வேறு, கீழே பிழை இருந்தால் கேட்கும் கேள்வி வேறு.

மொத்த ஊதியம்: பதினெட்டு நாள் கணக்கு

பிள்ளையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "மாமா, இருபதாயிரம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், சீட்டில் பதினொன்றாயிரத்துச் சொச்சம்தானே இருக்கிறது?" என்றாள்.

"நீ எந்தத் தேதியில் சேர்ந்தாய் அம்மா?"

"ஜூலை பதினான்கு."

"முப்பத்தொன்று வரை எண்ணிப் பார்."

பதினெட்டு நாட்கள். 20,000 ரூபாயை 31 நாளுக்குப் பிரித்து 18 நாளுக்குக் கொடுத்தால் 11,613. அடிப்படைச் சம்பளம் 12,000, வாடகைப் படி 5,000, சிறப்புப் படி 3,000 என்று கடிதத்தில் இருந்த மூன்றும் அதே விகிதத்தில் குறைந்திருந்தன. கணக்கில் பிழையில்லை.

இந்த இடத்தில் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் வழக்கம் மாறும். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்து மாதத்தின் மொத்த நாட்களால் வகுப்பவர்கள் உண்டு. 26 வேலை நாட்களால் வகுப்பவர்களும் உண்டு. அவள் ஜூலையில் உண்மையில் வேலைக்குப் போனது 16 நாட்கள். 26 நாள் முறையில் கணக்கிட்டிருந்தால் 12,308 வந்திருக்கும், கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய் கூடுதல். இரண்டுமே நடைமுறையில் உள்ள முறைகள்தான். ஆனால் வகுக்கும் எண்ணும் பெருக்கும் எண்ணும் ஒரே முறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 31 ஆல் வகுத்துவிட்டு, ஞாயிறுகளை நீக்கி 16 நாளுக்கு மட்டும் கொடுத்தால் அது தவறு. சீட்டின் தலைப்பகுதியில் இருக்கும் மாத நாட்கள், சம்பள நாட்கள் என்ற இரண்டு எண்களையும் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். அவளுடைய சீட்டில் 31, 18 என்று இருந்தது. சரி.

முதல் மாதச் சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு சம்பளம் குறைவா கூடுதலா என்று பேச முடியாது என்பது இதனால்தான். முதலில் அதை முழு மாதமாக விரித்துப் பார்க்க வேண்டும். பாதியில் சேர்ந்தவரின் மொத்த ஊதியம் சுருங்கும்; ஆனால் பிடித்தங்கள் எல்லாம் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் விகிதப்படி குறையும். தொழில் வரியும் முன்பணமும் பேருந்துக் கட்டணமும் அப்படியே முழுதாக நிற்கும். அவை சுருங்கிய சம்பளத்தின் மேல் விழும்போதுதான் கைக்கு வருவது இவ்வளவு அதலபாதாளத்துக்குப் போகிறது.

நிகர ஊதியம்: சட்டம் பிடித்த மூன்று

வைப்பு நிதியில் ஊழியர் பங்கு 12 சதவீதம். எதன் மேல் 12 சதவீதம் என்பதில்தான் பலருக்குச் சந்தேகம். வாடகைப் படியை விட்டுவிட வேண்டும். சிறப்புப் படியை? எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி வழங்கப்படும் படிகளை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தே வைப்பு நிதி கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்து, மீதியைப் படிகளில் ஒளித்து, வைப்பு நிதியை மிச்சம் பிடிப்பது பரவலான வழக்கம். இந்த நிறுவனம் ஒழுங்காக இரண்டையும் சேர்த்திருக்கிறது. 6,968உம் 1,742உம் சேர்ந்து 8,710. அதில் 12 சதவீதம் 1,045. முழு மாதத்தில் 12,000உம் 3,000உம் சேர்ந்து 15,000, பிடித்தம் 1,800. கட்டாயப் பிடித்தத்துக்கான ஊதிய வரம்பும் அப்போது அதே 15,000தான்.

தங்கைக்கு இருந்த சந்தேகம் வேறு. "கம்பெனி கட்ட வேண்டியதையும் பிள்ளையிடமே பிடித்துவிட்டார்களா அண்ணா?" என்றாள். நியாயமான கேள்வி. அப்படிச் செய்யும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பங்கைச் சிடிசியில் காட்டலாம். ஆனால் பேசி முடித்த மொத்த ஊதியத்திலிருந்து அதைப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. கண்டுபிடிப்பது எளிது. பிடித்தப் பகுதியில் வைப்பு நிதி ஒருமுறைதான் வர வேண்டும், அதுவும் 12 சதவீதமாக. முழு மாதத்தில் 1,800க்குப் பதில் 3,600 என்றோ 3,750 என்றோ இருந்தால் இரண்டு பங்கும் ஊழியர் தலையில் விழுந்திருக்கிறது. இங்கே அப்படி இல்லை.

இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். பிடித்தது சீட்டில் இருந்தால் மட்டும் போதாது, கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஜூலைக்கான தொகையை நிறுவனம் ஆகஸ்ட் 15க்குள் செலுத்தியாக வேண்டும். அதன் பிறகு சில நாட்களில், வைப்பு நிதியில் ஒவ்வோர் ஊழியருக்கும் தரப்படும் யுஏஎன் எண்ணை வைத்து வைப்பு நிதி பாஸ்புக்கில் பார்த்தால் அவளுடைய 1,045 அப்படியே இருக்கும். நிறுவனத்தின் 1,045 இரண்டாகப் பிரிந்து, 726 ஓய்வூதியத் திட்டத்துக்கும் 319 வைப்பு நிதிக்கும் போயிருக்கும். பலர் நிறுவனப் பங்கு குறைவாக இருக்கிறதே என்று அங்கே பதறுவார்கள். குறையவில்லை, 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் பிரிந்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் ஆகியும் பாஸ்புக் வெறுமையாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இஎஸ்ஐ சிறிய தொகை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது உண்டு; ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 11,613க்கு 87 ரூபாய் 10 காசு வருகிறது; காசு மிஞ்சினால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றிவிடுவார்கள், ஆகவே 88. இதில் கவனிக்க வேண்டியது, இது அப்போது வாடகைப் படியையும் சேர்த்து மொத்த ஊதியத்தின் மேல் கணக்கிடப்பட்டது. வைப்பு நிதிக்கு ஓர் அடித்தளம், இஎஸ்ஐக்கு வேறு அடித்தளம். இரண்டையும் ஒரே தொகையிலிருந்து கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, பிழை என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். இந்த 88 ரூபாய்க்கு அவளுக்கும் அவளைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இஎஸ்ஐ மருந்தகத்திலும் அயனாவரம் மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. தங்கைக்குச் சர்க்கரை நோய் மாத்திரைக்கே மாதம் ஆகும் செலவை நினைத்தால், இந்தப் பிடித்தத்தை நான் இழப்பு என்று சொல்லமாட்டேன். அம்மா, அப்பா பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்தாயா என்று கேட்டேன். சேர்க்கவில்லை. அன்றே சேர்க்கச் சொன்னேன்.

வருமான வரி என்று எதுவும் பிடிக்கவில்லை. ஆண்டுக்கு 2,40,000 சம்பளத்துக்கு அது வரவும் வராது.

தொழில் வரியில் இருந்த பிழை

மூன்றாவது பிடித்தத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 1,250.

தமிழ்நாட்டில் தொழில் வரியை உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. அந்த ஆறு மாதத்தில் கிடைக்கும் மொத்த வருமானத்தைப் பார்த்து வரி. அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் இருப்பதால் மாநகராட்சியின் விகிதம்தான் பொருந்தும். அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டினால் 1,250. அதுதான் உச்சபட்சம், ஆண்டுக்கு 2,500க்கு மேல் தொழில் வரி வசூலிக்க அரசியல் சட்டமே இடம் தரவில்லை. 45,001 முதல் 60,000 வரை என்றால் 930. அந்த விகிதம் முன்பு 690 ஆக இருந்தது, 2024இல் உயர்த்தினார்கள்.

இப்போது அவளுடைய அரையாண்டைப் பார்ப்போம். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் அவளுக்கு வேலையே இல்லை. ஜூலையில் 11,613. ஆகஸ்டில் 20,000, செப்டம்பரில் 20,000. மொத்தம் 51,613. வரி 930தான் வர வேண்டும். ஆனால் நிறுவனத்தின் கணினி, மாதம் 20,000 என்றால் ஆறு மாதத்துக்கு 1,20,000 என்று பெருக்கி, உச்சபட்ச விகிதத்தைப் போட்டுவிட்டது. 320 ரூபாய் அதிகம்.

முந்நூற்று இருபது ரூபாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. முதல் மாதச் சீட்டில் 320 ரூபாய் என்பது அந்தப் பெண்ணின் ஏழெட்டு நாள் இரவுச் சாப்பாடு. அதோடு, அதே மாதம் அவளோடு சேர்ந்த மற்றப் பிள்ளைகளுக்கும் இதே பிழை விழுந்திருக்கும். சம்பள மென்பொருளில் இந்தக் கணக்கு தானாக ஓடுவதால், யாராவது கேட்டால் ஒழிய யாரும் பார்க்கமாட்டார்கள். நான் பணியில் இருந்தபோது எங்கள் ஆலையிலும் இதே தவறு இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் ஒரு தொழிலாளி வந்து கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

கேட்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். "ஏன் இவ்வளவு குறைவாகச் சம்பளம் போட்டிருக்கிறீர்கள்" என்று கேட்டால், கடிதத்தைப் படியுங்கள் என்று ஒரு வரியில் பதில் வரும். எந்த வரி, எந்த எண், ஏன் என்று குறிப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அவள் சம்பளப் பிரிவுக்கு இப்படி எழுதினாள்: "ஜூலை மாதச் சீட்டில் தொழில் வரி 1,250 பிடிக்கப்பட்டுள்ளது. நான் சேர்ந்த தேதி ஜூலை 14. இந்த அரையாண்டில் என் வருமானம் 51,613 மட்டுமே. அதற்கான விகிதம் 930. கணக்கைச் சரிபார்த்துத் தர வேண்டுகிறேன்." நான் எழுதித் தரவில்லை, அவளே எழுதினாள். இரண்டாம் நாள் பதில் வந்தது. மிகையாகப் பிடித்த 320 ஆகஸ்ட் சம்பளத்தில் சரிசெய்யப்படும் என்று.

கைக்கு வருவது: கோட்டுக்குக் கீழே

நிகர ஊதியம் 9,230. கைக்கு வந்தது 6,230. இடையில் இருக்கும் 3,000 ரூபாயில் சட்டத்துக்கு வேலையில்லை. உணவகத்தில் 16 நாள், நாளுக்கு 25 ரூபாய் வீதம் 400. நிறுவனப் பேருந்துக்கு மாதம் 600. பாதி மாதம் என்றாலும் முழுதாகத்தான் பிடிக்கிறார்கள், அவள் கையெழுத்திட்ட படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. முன்பணம் 2,000.

"எந்த முன்பணம்?" என்று தங்கை கேட்டாள். பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். விடுதிக்கு வைப்புத்தொகை கட்டுவதற்காக, சேர்ந்த வாரமே நிறுவனத்தில் 6,000 வாங்கியிருக்கிறாள். வீட்டில் கேட்டால் கடன் வாங்குவார்கள் என்று சொல்லவில்லை. மூன்று மாதத் தவணையில் பிடித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். அந்தப் பணம் ஜூலையிலேயே அவள் கைக்கு வந்து செலவாகிவிட்டது. சீட்டில் கழிந்ததைப் பார்க்கும்போது அது போய்விட்ட பணமாகத் தெரிகிறது. உண்மையில் முன்பே வாங்கிய பணம் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான்.

கைக்கு வரும் தொகை நிகர ஊதியத்திலிருந்து வேறுபடும் இடம் இதுதான். ஒரே பதவியில் ஒரே சம்பளம் வாங்கும் இருவருக்கு மொத்த ஊதியம் ஒன்றாக இருக்கும், நிகர ஊதியமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியிருப்பார், இன்னொருவர் சைக்கிளில் வேலைக்கு வருவார். கைக்கு வருவது இருவருக்கும் வேறு வேறாக இருக்கும். பக்கத்து மேசைக்காரரின் வங்கிக் குறுஞ்செய்தியோடு தன்னுடையதை ஒப்பிட்டு மனம் நொந்துபோவதில் பொருளில்லை. ஒப்பிடுவதென்றால் மொத்த ஊதியத்தை ஒப்பிட வேண்டும்.

இந்தப் பகுதிக்கும் ஓர் எல்லை உண்டு. அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டப்படி எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கூட்டுறவுச் சங்கப் பிடித்தம் இருந்தால் மட்டும் முக்கால் வரை போகலாம். அவளுக்கு மொத்தம் 5,383 பிடித்திருக்கிறார்கள், 11,613இல் அது 46 சதவீதம். எல்லைக்குள்தான், ஆனால் விளிம்பில். முன்பணத்தை இரண்டே தவணையில் பிடித்திருந்தால் பாதியைத் தாண்டியிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பாதி என்ற வரம்பு அதிலும் இருக்கிறது. புதிதாக வந்திருப்பது, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்ற விதி. இவளுக்கு அடிப்படைச் சம்பளமே அறுபது சதவீதம் என்பதால் அதனால் சீட்டு மாறவில்லை. அடிப்படைச் சம்பளத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சீட்டை இப்போது மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆகஸ்ட் சீட்டு

அடுத்த மாதச் சீட்டு எப்படி வரும் என்று அன்று இரவே நாங்கள் மூவரும் தொலைபேசியில் கணக்குப் போட்டோம். மொத்த ஊதியம் 20,000. வைப்பு நிதி 1,800, இஎஸ்ஐ 150 போக 18,050. தொழில் வரியில் திரும்பி வரும் 320ஐச் சேர்த்தால் நிகர ஊதியம் 18,370. சுதந்திர தினமும் ஞாயிறுகளும் நீங்கலாக 25 நாள் உணவகத்துக்கு 625, பேருந்து 600, முன்பணத்தின் இரண்டாம் தவணை 2,000. கைக்கு 15,145.

செப்டம்பர் முதல் வாரம் வந்த சீட்டில் 15,145தான் இருந்தது. பிள்ளை அதைப் படம் எடுத்து அனுப்பி, "ஒரு ரூபாய்கூட மாறவில்லை மாமா" என்று எழுதியிருந்தாள்.

முன்பணம் செப்டம்பரோடு முடிந்துவிடும். அதன் பிறகு சாதாரண மாதத்தில் 16,800 அளவுக்குக் கைக்கு வரும். அக்டோபர் தொடங்கும் அரையாண்டில் அவள் முழு ஆறு மாதமும் வேலையில் இருப்பாள், அப்போது தொழில் வரி 1,250 சரியான பிடித்தமாகவே வரும். அந்த ஒரு மாதம் கைக்கு வருவது பதினைந்தாயிரத்துச் சொச்சமாகக் குறையும். விடுதிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் 6,500. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

அவள் மறுநாளே சீட்டு நடத்துபவரைப் பார்த்து, பத்தாயிரம் கட்டும் சீட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, மாதம் ஐந்தாயிரம் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் சேர்ந்துகொண்டாள். இருபது மாதச் சீட்டு. தொழில் வரி பிடிக்கும் மாதத்திலும் தடையில்லாமல் கட்ட முடியும் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் பெயர் கொடுத்தாள்.